கோபமாக எழுதும் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பதில் எழுதப் பயிற்சி கொடுத்துவருகிறேன். எந்தக் குழுவிடம் பேசினாலும் ஏறக்குறைய இதே ஐயங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எழுத்தில் வரும் புகார்களைப் பற்றியே பேசுகிறேன். ஒரே ஆர்டருக்கு இருமுறை பணம் எடுக்கப்பட்ட ஒரு புகாரை எடுத்துக்காட்டாகக் கடைசிவரை கொண்டுபோகிறேன்.

கோபமாக ஒருவர் எழுதியிருக்கிறார். என் பதிலின் முதல் வரி என்னவாக இருக்க வேண்டும்?

அவருக்கு நடந்தது என்ன என்பதே முதல் வரி. அவர் சொன்ன விவரத்தை, உங்கள் பதிவுகளில் சரிபார்த்த பிறகு, உங்கள் சொற்களில் எழுதுங்கள். “12ஆம் தேதி நீங்கள் செய்த ஆர்டருக்கு உங்கள் அட்டையிலிருந்து இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டிருக்கிறது” என்பது நல்ல முதல் வரி. யாரோ ஒருவர் புகாரை முழுதாகப் படித்திருக்கிறார், கணக்கையும் திறந்து பார்த்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

“எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி” என்று தொடங்காதீர்கள். பணம் போன எரிச்சலில் இருப்பவருக்கு அந்த நன்றி எதற்கென்றே புரியாது.

“ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்று எழுதினால் போதாதா? எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

எல்லாரும் எழுதுவதாலேயே போதாது. அந்த வரி எந்தப் புகாருக்கும் பொருந்தும்; அதனால் இந்தப் புகாரைப் படித்ததற்கு அது சான்றாகாது. “ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமம்” என்று எழுதுவது இன்னும் மோசம். சிரமம் ஏற்பட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஏற்பட்டிருக்கலாம் என்று நாம் ஐயத்தோடு பேசுகிறோம்.

வருத்தம் சொல்வதில் தவறில்லை. எதற்காக வருந்துகிறோம் என்பதை அந்த வாக்கியத்திலேயே வையுங்கள்: “இதற்காக நீங்கள் இரண்டு முறை எழுதியும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.” ஒரு முறை சொன்னால் போதும். நான்கு முறை மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் பெரும்பாலும் செய்யப்போவது என்ன என்ற பகுதி இருக்காது.

நேராகத் தீர்வைச் சொல்லிவிடலாமே? அவருக்கு வேண்டியது பணம்தானே, ஆறுதல் இல்லையே?

பணம்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் புகார் கொடுத்தவர் முடிவை மட்டும் வைத்து நம்மை எடைபோடுவதில்லை. டாக்ஸ், பிரவுன், சந்திரசேகரன் ஆகிய மூவரும் 1998இல் ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது: கிடைத்த முடிவு நியாயமானதா, அதற்கு வந்த வழி நியாயமானதா, தம்மை நடத்திய விதம் நியாயமானதா. பணம் முழுதாகத் திரும்பிவந்தும் “இனி இவர்களிடம் வாங்க மாட்டேன்” என்று ஒருவர் சொல்கிறார் என்றால், பின்னிரண்டில் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது.

இதில் நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. நாம் புரிந்துகொண்டோம் என்று தெரியாதவரை, நாம் சொல்லும் தீர்வை அவரால் நம்ப முடியாது. “பணம் திருப்பி அனுப்பப்படும்” என்று மட்டும் எழுதினால், எந்தத் தொகை, முழுதுமா பாதியா, வேறொருவருடைய புகாரோடு குழப்பிக்கொண்டார்களா என்று கேட்டு இன்னொரு மின்னஞ்சல் வரும். நடந்ததை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிட்டால் அந்தக் கேள்விகளே எழாது. அது இரண்டு, மூன்று வரியைத் தாண்டவும் கூடாது. ஆறுதலே அரைப் பக்கம் ஓடினால், படிப்பவர் தீர்வைத் தேடி அலைவார்.

முழுப் பதில் ஒன்றை எழுதிக் காட்டுங்களேன்.

வந்த புகார் இது: “ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் எடுத்திருக்கிறீர்கள். இது மூன்றாவது மின்னஞ்சல். ஒவ்வொரு முறையும் ‘விசாரித்துவருகிறோம்’ என்றுதான் பதில் வருகிறது. நாளை நான் வாடகை கொடுக்க வேண்டும். இது பகல்கொள்ளை.” வழக்கமாகப் போகும் பதில்: “உங்கள் புகார் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. விரைவில் தீர்வு காணப்படும்.” இதைப் படித்தவுடன் நான்காவது மின்னஞ்சல் வருவது உறுதி. 14ஆம் தேதி, திங்கட்கிழமை, நான் அனுப்பச் சொல்லும் பதில் இப்படி இருக்கும்:

“வணக்கம். 12ஆம் தேதி நீங்கள் செய்த ஆர்டருக்கு இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டிருக்கிறது. பதிவுகளைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்; இரண்டாவது முறை எடுத்தது எங்கள் தவறு. இதைப் பற்றி நீங்கள் இருமுறை எழுதியும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இப்போது உங்கள் வாடகைப் பணமும் இதில் சிக்கியிருக்கிறது. மன்னிக்க வேண்டும். இரண்டாவது தொகை முழுவதையும் திருப்பி அனுப்பும் உத்தரவை இன்று காலை 10.40க்குப் பதிவுசெய்துவிட்டேன். அது உங்கள் கணக்கில் தெரிவதற்கு 5 முதல் 10 வேலை நாட்கள் ஆகும். இடையில் இருக்கும் வங்கிகளின் வேலையை எங்களால் விரைவுபடுத்த முடியாது. ஆகவே நாளைய வாடகைக்கு இந்தப் பணம் வந்துசேராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தொகை திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்பதற்கான கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்; வீட்டு உரிமையாளரிடம் காட்டப் பயன்படலாம். 17ஆம் தேதி மாலை 5 மணிக்குள் இந்தப் பரிமாற்றத்தின் குறிப்பு எண்ணை அனுப்புகிறேன். அதைக் கொடுத்தால் பணம் எங்கே இருக்கிறது என்று உங்கள் வங்கியால் தேட முடியும். நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. 28ஆம் தேதிக்குள் பணம் வரவில்லை என்றால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். உங்கள் புகார் என் பெயரிலேயே இருக்கிறது.”

‘பகல்கொள்ளை’ என்ற சொல்லுக்கு இதில் பதிலே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாடகைக்கு இருக்கிறது. கோபத்தின் அடியில் இருக்கும் உண்மையான நெருக்கடி அதுதான். “நாளைக்குள் வராது” என்ற வரியை எழுதப் பலருக்கும் கை வராது. ஆனால் அந்த ஒரு வரிதான் அவரை இன்றைக்கே வேறு ஏற்பாடு செய்துகொள்ள விடுகிறது.

அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை எவ்வளவு விவரமாகச் சொல்ல வேண்டும்?

படித்து முடித்தவருக்கு “இனி நான் என்ன செய்வது, எதற்காகக் காத்திருப்பது?” என்ற கேள்வி மிச்சம் இருக்கக் கூடாது. அந்த அளவு போதும். யார் செய்கிறார், என்ன செய்கிறார், எந்த நாளுக்குள், வாடிக்கையாளரின் பங்கு என்ன, அந்த நாள் தவறினால் யாரிடம் போவது ஆகிய ஐந்தும் மேலே உள்ள பதிலில் இருக்கின்றன. புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது கடைசி ஒன்றை. தவறினால் என்ன வழி என்று சொல்லாத வாக்குறுதியை, ஏற்கெனவே இருமுறை ஏமாந்தவர் நம்ப மாட்டார்.

‘விரைவில்’, ‘கூடிய சீக்கிரம்’, ‘உரிய துறை’ ஆகியவற்றை அடித்துவிட்டு நாளையும் ஆளையும் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால், தீர்வு உங்களிடம் இன்னும் இல்லை என்று பொருள். அப்போது போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவதுதான் முதல் வேலை. செயப்பாட்டு வினையையும் இதேபோல் பாருங்கள். “நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற வாக்கியத்தில் எடுப்பவர் இல்லை.

என்ன தவறு நடந்தது என்றே எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். புகார்களைக் கையாள்வதற்கான ஐஎஸ்ஓ 10002 என்ற பன்னாட்டு வழிகாட்டி, 2004இல் முதலில் வெளியானது, புகார் கிடைத்ததை உடனே தெரிவிக்க வேண்டும் என்றே சொல்கிறது. பேசாமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும், மறுபக்கத்தில் இருப்பவருக்கு அலட்சியமாகவே தெரியும்.

தீர்வு தெரியாதபோது, தீர்வுக்குப் பதிலாக அடுத்த தகவல் வரும் நேரத்தை வாக்குறுதியாகக் கொடுங்கள்: “இரண்டு பரிமாற்றங்களும் எங்கள் பதிவில் தெரிகின்றன. இரண்டாவது ஏன் நடந்தது என்று பணம் பெறும் அமைப்பிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும் நாளை காலை 11 மணிக்கு உங்களுக்கு எழுதுவேன்.” இதில் “வராவிட்டாலும்” என்ற சொல்தான் முக்கியம். புதிய செய்தி இல்லாத நாளிலும், “இன்னும் பதில் வரவில்லை, மதியம் மீண்டும் கேட்கிறேன்” என்று சொன்ன நேரத்தில் எழுதுங்கள்.

தவறு எங்களுடையதே இல்லை என்றால்? ஏற்றுக்கொண்டால் பழி எங்கள்மேல் வராதா?

நடந்ததை ஏற்பது வேறு, பழியை ஏற்பது வேறு. பொருளைக் கொண்டுவரும் நிறுவனம் தாமதித்திருந்தால், “10ஆம் தேதி வர வேண்டிய பொருள் இன்னும் வரவில்லை, நீங்கள் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக் காத்திருந்திருக்கிறீர்கள்” என்பது நடந்தது. அதைச் சொல்ல யாருடைய தவறு என்று தீர்மானிக்க வேண்டியதில்லை. காரணத்தைப் பிறகு ஒரு வரியில் சொல்லலாம். முதல் வரியிலேயே “அது எங்கள் கையில் இல்லை” என்று எழுதினால், அதற்குப் பிறகு எழுதுவதை அவர் படிக்க மாட்டார். அவர் பணம் கொடுத்தது உங்களிடம். கொண்டுவரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான். “அவர்களையே தொடர்புகொள்ளுங்கள்” என்று அனுப்பிவிடாமல், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

மன்னிப்புக் கேட்டால் சட்டச் சிக்கல் வருமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்து வரும். அது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று சொல்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் அதே ஆண்டில் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இருமுறை எடுத்த பணம், தாமதமான பொருள் போன்ற அன்றாடப் புகார்களில் இந்த அச்சம் பெரும்பாலும் வீண். யாருக்காவது காயம், நோய், தீ விபத்து என்று வந்தால் மட்டும், நலம் விசாரித்து, புகார் கிடைத்ததை உடனே தெரிவித்துவிட்டு, காரணம் பற்றி எழுதுவதற்குமுன் உங்கள் சட்டப் பிரிவிடம் கேளுங்கள்.

அவர் சொல்வதே தவறு. பதிவில் ஒரு முறைதான் பணம் எடுத்திருக்கிறோம். அப்போதும் “ஆமாம்” என்று சொல்ல வேண்டுமா?

நடக்காததை நடந்தது என்று ஒருபோதும் எழுதக் கூடாது. ஆனால் “எங்கள் பதிவில் ஒன்றுதான் இருக்கிறது” என்று அடித்துப் பேசுவதற்குமுன், அவர் திரையில் என்ன பார்க்கிறார் என்று யோசியுங்கள். அட்டைப் பரிமாற்றத்தில் முதலில் வங்கி தொகையை ஒதுக்கி நிறுத்திவைக்கிறது. பிறகுதான் விற்பவர் அதை எடுத்துக்கொள்கிறார். முதல் முயற்சி பாதியில் அறுந்து, அவர் இரண்டாவது முறை பொத்தானை அழுத்தியிருந்தால், ஒதுக்கப்பட்ட தொகை ஒன்றும் எடுக்கப்பட்ட தொகை ஒன்றும் சேர்ந்து அவர் கணக்கில் இரண்டாகத் தெரியும். உங்கள் பதிவில் ஒன்று, அவர் பதிவில் இரண்டு. இருவருமே உண்மையைத்தான் சொல்கிறீர்கள்.

ஆகவே அவர் பார்ப்பதை ஏற்றுக்கொண்டு எழுதுங்கள்: “உங்கள் கணக்கில் இரண்டு தொகைகள் தெரிகின்றன, அவ்வளவு பணமும் இப்போது உங்களால் பயன்படுத்த முடியாமல் இருக்கிறது. அவற்றில் ஒன்றை நாங்கள் பெற்றுக்கொண்டோம். மற்றொன்றை உங்கள் வங்கி நிறுத்திவைத்திருக்கிறது. நாங்கள் அதை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம்.” இங்கே அடுத்த படியும் மாறிவிடுகிறது. எடுக்காத பணத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. அந்த ஒதுக்கீட்டை விடுவிக்கச் சொல்லி உங்கள் பக்கத்திலிருந்து வங்கிக்குச் செய்தி அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது தானாக விலகும். எத்தனை நாளில் என்பது வங்கியைப் பொறுத்தது. அவர் வங்கியிடம் கேட்க வேண்டிய கேள்வியையே எழுதிக் கொடுங்கள்: “இந்தத் தொகை எடுக்கப்பட்டுவிட்டதா, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா? எப்போது விடுவிக்கப்படும்?” இரண்டு நிலைகளையும் சரிபார்க்காமல் “திருப்பி அனுப்பிவிட்டோம்” என்று எழுதுவதுதான் இந்தப் புகாரில் நடக்கும் மிகப் பெரிய பிழை. வராத பணத்துக்காக அவர் 10 நாள் காத்திருப்பார். அடுத்த கடிதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் கேட்பதைக் கொடுக்க முடியாது என்றால், நல்லவிதமாக எப்படிச் சொல்வது?

தெளிவாகச் சொல்வதே நல்லவிதம். திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்ட பொருளுக்கு முழுப் பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “வாங்கிய மூன்று மாதத்தில் பழுதாகியிருக்கிறது, அது உங்களுக்கு ஏமாற்றம்தான். பணத்தைத் திருப்பித் தர முடியாது, கெடு முடிந்துவிட்டது. ஆனால் இது உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பதால் பழுதுபார்ப்புக்குக் கட்டணம் இல்லை.” மறுப்பு நடுவில், ஒரே வாக்கியத்தில், சுற்றிவளைக்காமல் இருக்கிறது. அதன்பிறகு, முடிகிற ஒன்றுக்கான படிகளை முன்பு சொன்ன விவரத்தோடு எழுதுங்கள்.

“முயற்சி செய்கிறோம்” என்று எழுதி மறுப்பைத் தள்ளிப்போடுவது இரக்கம் ஆகாது. முடியாது என்று உங்களுக்கு இன்றே தெரியும் என்றால் அவருக்கும் இன்றே தெரிய வேண்டும்.

வசைச்சொற்களால் திட்டுகிறார். அதையும் பொறுத்துக்கொண்டுதான் பதில் எழுத வேண்டுமா?

நிறுவனத்தைத் திட்டினால் கடந்துவிடலாம். மேலே ‘பகல்கொள்ளை’யைக் கடந்ததுபோல. உங்களைத் தனிப்பட்ட முறையில் இழிவுபடுத்தினால் எல்லையைச் சொல்லுங்கள், சிக்கலை விடாமல்: “உங்கள் பணத்தை மீட்டுத் தருவதில் தொடர்ந்து உதவுகிறேன். ஆனால் இப்படிப்பட்ட சொற்களுடன் இந்த உரையாடலைத் தொடர முடியாது.” மிரட்டல் வந்தால் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டு மேலாளரிடம் கொடுங்கள். அதைத் தனியாகச் சுமக்கும்படி எந்த ஊழியரையும் விடக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

“தயவுசெய்து அமைதியாக இருங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வரி அவருடைய கோபத்தையே சிக்கலாக்கிவிடுகிறது.

நேரம் இல்லை. வார்ப்புருப் பதில்களை வைத்துக்கொண்டு அனுப்பலாமா?

பிற்பாதிக்கு வைத்துக்கொள்ளலாம். பணம் திரும்பிவரும் வழி, எத்தனை வேலை நாட்கள், குறிப்பு எண் எதற்கு என்ற விளக்கங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒருமுறை நன்றாக எழுதிவைத்தால் பிழையும் குறையும். முதல் இரண்டு வரிக்கு வார்ப்புரு வேண்டாம். அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவையுங்கள். நிரப்பாமல் அனுப்ப முடியாதபடி இருக்கட்டும்.

அனுப்பும்முன் ஒரு சோதனை: உங்கள் முதல் இரண்டு வரிகளை வேறொரு வாடிக்கையாளரின் புகாருக்கு அடியில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் திருத்தி எழுதுங்கள்.

நாங்கள் சொன்ன நாளில் பணம் போகவில்லை. இப்போது அவர் முன்னைவிடக் கோபமாக இருக்கிறார். மறுபடியும் அதே முறையா?

முறை அதேதான், ஆனால் முதலில் ஏற்க வேண்டிய சிக்கல் மாறிவிட்டது. இப்போது முதல் வரி இருமுறை எடுத்த பணத்தைப் பற்றியதாக இருக்காது, தவறிய வாக்கைப் பற்றியதாக இருக்கும்: “28ஆம் தேதிக்குள் பணம் வந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். இன்று 29, வரவில்லை.” பிறகு பணம் எங்கே நின்றது என்று பார்த்துச் சொல்லுங்கள். குறிப்பு எண் இருந்தால் தொகை உங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டது. அவருடைய வங்கியில் தேட வேண்டும். எண்ணே உருவாகவில்லை என்றால் உத்தரவு உங்கள் பக்கத்திலேயே தேங்கியிருக்கக்கூடும். பழைய அட்டை மூடப்பட்டு, தொகை திரும்பிவந்துவிடுவதும் உண்டு. அப்போது வேறு கணக்குக்கு அனுப்ப அவருடைய ஒப்புதல் வேண்டும்.

புதிய நாளைக் குறிக்கும்போது கவனம். முதல் வாக்கைவிட இது குறுகியதாக இருக்க வேண்டும் என்ற ஆசை வரும். உங்கள் கையில் இருக்கும் வேலைக்கு மட்டும் நேரம் கொடுங்கள்; வங்கியின் கையில் இருப்பதற்கு வழக்கமான கால அளவைச் சொல்லுங்கள். இதே கட்டத்தில் மேலாளர் ஒருவரின் பெயரையும் அவர் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் சொல்லி அனுப்பிவிட்டேன். அவரிடமிருந்து பதிலே இல்லை. புகாரை மூடிவிடலாமா?

வாக்குறுதியின் நாள் வரும்வரை மூடாதீர்கள். அவர் அமைதியாக இருப்பதற்கு நிறைவு காரணமாக இருக்கலாம், சலிப்பும் காரணமாக இருக்கலாம். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நம் எடுத்துக்காட்டில் 17ஆம் தேதி குறிப்பு எண் போக வேண்டும், அவர் எழுதினாலும் எழுதாவிட்டாலும். 28ஆம் தேதி நீங்களே பதிவைப் பார்த்து, “உங்கள் தொகை வந்துவிட்டதா?” என்று ஒரு வரி எழுதுங்கள். “வந்துவிட்டது” என்று பதில் வந்தால் மூடுங்கள். பதில் வராவிட்டால், பணம் சேர்ந்ததற்கான குறிப்பு உங்கள் பதிவில் இருக்கும்போது மூடலாம். மீண்டும் திறக்க இதே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினால் போதும் என்று அந்தக் கடைசிச் செய்தியில் சொல்லிவிடுங்கள்.